‘கட்டிங் தெரியுமா?’

ஒற்றை ஷட்டர் போட்ட லேடீஸ் டெய்லர் கடை. இரண்டு மிஷின், கட்டிங் மேஜை, சுவரெல்லாம் நூல்கண்டு, மேஜைக்கு அடியில் பெயர் எழுதிய துணிப்பைகள். இந்தக் கடையின் மாஸ்டர், ‘பகுதி நேர வேலைக்கு ஆள் தேவை’ என்று அட்டையில் எழுதிக் கதவில் மாட்டிய நிமிடத்திலிருந்து முதலாளி ஆகிவிடுகிறார். அதுவரை ஊருக்கெல்லாம் ‘நாளைக்குக் கண்டிப்பா தந்துடறேன்’ என்று சொல்லிவந்த மனிதர், வந்தவர்களைப் பார்த்து ‘நேரம் தவறக் கூடாது’ என்கிறார். அப்புறம், கழுத்தில் கிடக்கும் டேப்பைச் சரிசெய்துகொண்டு, இந்த வகை மாஸ்டர்கள் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வியைக் கேட்கிறார்: ‘என்னம்மா, கட்டிங் தெரியுமா?’

தமிழ்நாட்டுச் சிறு தையல் கடைகளில் முதல் ஆள் மாதக்கணக்கில் கிடைக்காமல் போவதற்கு இந்த ஒரு கேள்வியே பாதிக் காரணம் என்பது என் கட்சி. ஏனென்றால் இதற்குச் சரியான விடையே கிடையாது. ‘தெரியாதுங்க’ என்றால், தெரியாத ஆளை வைத்து என்ன செய்வது என்று அனுப்பிவிடுவார். ‘தெரியுங்க மாஸ்டர்’ என்றால், இவள் ஆறு மாதத்தில் எதிரே கடை போட்டுவிடுவாள் என்று அன்றிரவு தூக்கம் வராது. மூன்று மாதத் தையல் வகுப்புச் சான்றிதழை பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவரும் பெண்ணிடம் ஒன்றும் இல்லை என்று கழிக்கிறார். திருப்பூர் பனியன் கம்பெனியில் பத்து வருடம் ஓவர்லாக் ஓட்டியவர் வந்தால், மிஷின் சத்தத்தைக் கேட்டே அசந்துபோகிறார்; ஆனால் அங்கே ஒருவர் தோள் மட்டும் அடிப்பார், இன்னொருவர் கை மட்டும் ஏற்றுவார். முழு ஜாக்கெட் ஒன்றை முதலிலிருந்து கடைசி வரை தொடவேண்டிய தேவையே அவருக்கு வந்ததில்லை என்பது இரண்டாம் நாள்தான் தெரியவரும். இத்தனைக்கும், யார் வந்தாலும் கத்தரிக்கோலை மாஸ்டர் கையைவிட்டுக் கொடுக்கப் போவதில்லை. கொடுக்காத வேலைக்குத்தான் இவ்வளவு பெரிய பரீட்சை.

அவருக்கு உண்மையில் எந்த இடத்தில் ஆள் வேண்டும் என்பதை ஒரு நாள் கணக்கே சொல்லிவிடும். லைனிங் வைத்த ஜாக்கெட் ஒன்றை வெட்ட ஏறக்குறைய 20 நிமிடம், மிஷினில் அடிக்க ஒரு மணி நேரம் என்று வையுங்கள். அதோடு முடிந்தது என்று வாடிக்கையாளர் நினைப்பார். ஆனால் அதற்குப் பிறகுதான் கைவேலை: கழுத்துப் பட்டியை உள்ளே மடித்து ஹெம்மிங், கையோரம், அடிப்பட்டி, முன்பக்கம் ஐந்தாறு கொக்கி, எதிர்ப்பக்கம் அத்தனை நூல் வளையம், தொங்கும் நூல்களை வெட்டுவது. அரை மணி நேரத்துக்குக் குறையாது. நாளைக்கு ஆறு ஜாக்கெட் முடிக்க வேண்டுமானால் வெட்டுக்கு இரண்டு மணி, மிஷினுக்கு ஆறு மணி, கைவேலைக்கு மூன்று மணி. அந்த மூன்று மணிதான் இரவு ஒன்பதுக்கு மேல் மாஸ்டர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஊசியில் நூல் கோக்கும் நேரம். ‘துணி ரெடி, கொக்கி மட்டும்தான் பாக்கி’ என்ற புகழ்பெற்ற வாக்கியம் பிறக்கும் நேரமும் அதுவே. பகுதி நேர ஆள் என்றால் இந்த மூன்று மணிக்குத்தான். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு பதினொன்றுக்கு வந்து இரண்டுக்குப் போகக்கூடியவருக்கு இது அளவெடுத்துத் தைத்த வேலை.

ஆகவே கேள்வி கேட்பதை விட்டுவிட்டு, பழைய ஜாக்கெட் ஒன்றையும் ஒரு ஊசியையும் கையில் கொடுத்தால் போதும். முதலில் ஒரு கையைப் பிரிக்கச் சொல்ல வேண்டும். வேலை தெரிந்தவர் ஒரு பக்கத்தில் சில தையலுக்கு ஒன்றாக வெட்டிக்கொண்டே போய், மறுபக்க நூலை ஒரே இழுப்பில் உருவுவார். தெரியாதவர் இரண்டு துணியையும் பிடித்துப் பிய்ப்பார், பட்டாக இருந்தால் அங்கேயே இழை விட்டுப்போகும். அடுத்தது ஹெம்மிங். வெளிப்பக்கம் திருப்பிப் பார்த்தால் ஊசி ஓரிழையை மட்டும் தொட்டிருக்க வேண்டும். நூலை இறுக்கியிருந்தால் துணி சுருங்கிக் காட்டிக்கொடுக்கும். கொக்கியை மாட்டி இழுத்துப் பார்க்கலாம். இரண்டு காதை மட்டும் தைத்து, மூக்குக்குக் கீழே தையல் போடாமல் விட்டிருந்தால் கொக்கி தலை தூக்கும். இதையெல்லாம்விட ஒரு நல்ல அடையாளம் உண்டு: கொடுத்த துணியை எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போய் நூல் நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பவரை அப்போதே சேர்த்துக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் ஊசியைத் துணியிலேயே குத்தி வைத்துவிட்டு எழுந்திருப்பவரை, எவ்வளவு அழகாகத் தைத்திருந்தாலும், யோசித்துத்தான் எடுக்க வேண்டும். அந்த ஊசியை யார் முதுகு கண்டுபிடிக்கும் என்று சொல்ல முடியாது. பரீட்சைத் துணி கடையின் பழந்துணியாக இருப்பது நியாயம். தீபாவளிக்கு முந்தின வாரம் அட்டை மாட்டி, வந்த நாலு பேருக்கும் ஆளுக்கு மூன்று ஜாக்கெட்டைப் ‘பரீட்சை’ என்று கொடுத்து, நிலுவையை முடித்துக்கொண்டு, ‘சொல்லி அனுப்பறேன்’ என்று விடைகொடுக்கிற மேதைகளும் இந்தத் தொழிலில் உண்டு.

கைவேலைக்குக் கடையில் ஆள் எதற்கு, வீட்டுக்குக் கொடுத்து ஜாக்கெட்டுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்ளலாமே என்று மாஸ்டர் கேட்பார். பருத்தி ஜாக்கெட்டுக்கு அது சரிதான், பல ஊர்களில் அப்படித்தான் நடக்கிறது. முகூர்த்தப் பட்டு ஜாக்கெட் அடுப்பங்கரை இருக்கும் வீட்டுக்குப் போய் எண்ணெய்க் கை படாமல் திரும்ப வேண்டும் என்பது ஒரு கவலை. பெரிய கவலை, வாடிக்கையாளர் கடை வாசலில் நிற்க, அவர் ஜாக்கெட் வேறொரு தெருவில் இருப்பது. உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலி ஊசியை வேகமாக ஓட்டும், தையல்களுக்கு நடுவே இடைவெளியும் அதே வேகத்தில் கூடும். கடையில் உட்கார்ந்து செய்பவருக்கு மணிக்கணக்கில் சம்பளம் கொடுத்தால் பேச்சு கொஞ்சம் கூடும்; ஆனால் கொக்கி தெறித்து மறுநாள் திரும்பி வரும் ஜாக்கெட்டைவிடப் பேச்சு மலிவு.

‘தொழிலைக் கத்துக்கிட்டுப் போயிடுவாளே’ என்பது அடுத்த மறுப்பு. இதை முழுக்கத் தள்ள முடியாது. ஆனால் கைவேலையைக் கற்றுக்கொண்டு யாரும் கடை போட்டதில்லை. வாடிக்கையாளர் ஒட்டிக்கொள்வது வெட்டுகிற கையோடும் அளவு நோட்டோடும். ஒரு தோள் சற்று இறங்கியிருப்பதை அவர் சொல்லாமலே கண்டுபிடித்து வெட்டும் கண்ணோடு. மாஸ்டர் பயப்பட வேண்டிய இடம் வேறு. கடைக்கு ஒரு பெண் வந்துவிட்டால், இத்தனை நாளும் பழைய அளவு ஜாக்கெட்டைக் கொடுத்துச் சமாளித்த பெண்கள், ‘அக்கா, நீங்களே அளவு எடுத்துடுங்க’ என்பார்கள். டேப் அவர் கழுத்துக்கு மாறும். அளவு பிசகினால் யார் பொறுப்பு, மார்புச் சுற்றுக்கு எத்தனை தளர்வு விடுவது என்று முதல் வாரத்திலேயே பேசாவிட்டால், இருவரும் ஒரே ஜாக்கெட்டில் ஆளுக்கு அரை அங்குலம் கூட்டி, வாடிக்கையாளரைச் சாக்குப்பையில் போட்டு அனுப்புவார்கள்.

சம்பளப் பேச்சில் மட்டும் மாஸ்டர் திடீரென்று தத்துவம் பேசுவார்: ‘முதல்ல வேலையைப் பாருங்க, மத்ததைப் பேசிக்கலாம்.’ மற்றது என்பது பணம். இந்தக் கட்டத்தில் வந்திருப்பவர்களில் ஒருவர், ‘ஆடி மாசம் எப்படிங்க மாஸ்டர்?’ என்று கேட்டால் அவருக்குச் சுருக்கென்று இருக்கும். சேருமுன்னே வாய் நீளம் என்று குறித்துக்கொள்வார். ஆடியில் முகூர்த்தம் இல்லை, கல்யாண ஜாக்கெட் இல்லை, மூன்று மணி வேலை ஒரு மணியாகச் சுருங்கும், ஆவணி பிறந்தால் ஐந்து மணியாக வீங்கும். இதெல்லாம் தெரிந்தவர்தான் அந்தக் கேள்வியைக் கேட்க முடியும். வந்த அத்தனை பேரிலும் தொழில் தெரிந்தவர் அவர்தான். ஆனால் மாஸ்டர் அதற்குள் அடுத்த ஆளைப் பார்த்து டேப்பைச் சரிசெய்துகொண்டிருக்கிறார்.