லாலி ரோடு மாப்பிள்ளை

மருதமலை அடிவாரத்தில் காந்திபுரம் டவுன் பஸ் கிளம்புவதற்குள், பின்படியை ஒட்டிய ஒற்றைச் சீட்டில் நம் மாப்பிள்ளை உட்கார்ந்திருப்பார். வயது 34. ஆர்.எஸ்.புரத்தில் பம்ப்செட் கடையில் கணக்கு எழுதுகிறார். இறங்குமிடம் லாலி ரோடு. பெண் பார்க்கப் போன வீடுகளிலெல்லாம் "தோட்டம் எத்தனை ஏக்கருங்க?" என்று கேட்டுவிட்டதால், பஸ்ஸிலேயே வரன் பார்க்கும் இனத்தில் சேர்ந்துவிட்டவர்.

வடவள்ளியில் ஒரு பெண் ஏறுவார். முன்னால் இளையராஜா பாட்டோடு தனியார் பஸ் காலியாகவே வந்து நிற்கும். கண்டக்டர் கூவிக் கூவி அழைப்பார். அந்தப் பெண் அசையமாட்டார். பின்னால் திணறிக்கொண்டு வரும் இந்த அரசு பஸ்ஸில்தான் ஏறுவார். "யாருக்காகக் காத்திருக்கிறாள்?" என்று மாப்பிள்ளை தன்னையே கேட்டுக்கொள்வார், பதிலையும் தானே சொல்லிக்கொள்வார். 2021 மே மாதத்திலிருந்து அரசு சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது கணக்கு எழுதுகிறவர் நினைவுக்கு வராதது ஆச்சரியம்தான்.

ஏறியதும் அந்தப் பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக மாப்பிள்ளை பக்கம் வந்து நிற்பார். ஒரு சிரிப்பு. மாப்பிள்ளையும் சிரிப்பார். சோற்றுப் பை அவர் மடிக்கு வரும். அன்றைய வரவு அத்தோடு சரி.

கார்த்திகை மாத முகூர்த்தங்களைக் காலண்டரில் பார்த்துவிட்டு ஒருநாள் துணிந்தார். லாலி ரோடு வந்தது, எழுந்திருக்கவில்லை. காந்திபுரம் வரை போய்ப் பேசிவிடுவது என்று முடிவு. பெண்ணின் முகத்தில் சிரிப்பு குறைந்தது. பஸ் நகர்ந்ததும் குனிந்து கேட்டார்:

"ஏனுங்ண்ணா, இன்னைக்கு லாலி ரோட்டுல எறங்கலீங்களா?"

என் ஸ்டாப் வரை தெரிந்து வைத்திருக்கிறாளே! மாப்பிள்ளைக்குக் காது மடல் சூடாகிவிட்டது.

"இல்லீங்க, இன்னைக்குக் காந்திபுரம்..."

"மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்ல்ல? நீங்க எறங்குவீங்கன்னுதான் தெனமும் இங்க வந்து நிக்கறனுங்க. கால் கடுக்குது."

டவுன் பஸ்ஸில் தினமும் போகிறவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்: யார் எங்கே இறங்குவார் என்பது மனப்பாடமாக இருக்க வேண்டும். சீக்கிரம் இறங்குகிறவர் பக்கத்தில் நின்று ஒரு சிரிப்பு சிரித்து வைத்தால், அதுதான் சீட்டுக்குப் போடும் துண்டு.

மறுநாள் அந்தப் பெண் மாப்பிள்ளை பக்கமே வரவில்லை. நடுச் சீட்டில் இருந்த தாத்தா, பாட்டி அருகே நின்று, தாத்தாவைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தார். அந்த இருவரும் இறங்குவது பி.என்.புதூரில், லாலி ரோட்டுக்கு முன்பே.

மாப்பிள்ளை கோபப்படவில்லை. பக்கத்தில் நின்ற என்னிடம் ரகசியமாகச் சொன்னார்:

"பாத்தீங்களா? எனக்குப் பொறாமை வருதான்னு சோதிச்சுப் பாக்கறாங்க."