முஃஜிஸாவும் கராமத்தும்

கேள்வி: நபிமார்களும் அற்புதம் செய்தார்கள், வலிமார்களும் செய்தார்கள் என்கிறார்களே, இஸ்லாம் இரண்டையும் எப்படிப் பிரிக்கிறது?

பதில்: கூடவே வரும் உரிமைக்கோரலை வைத்துத்தான். மூசா நபி, ஊரே கூடிய நாளில் ஃபிர்அவ்னின் சூனியக்காரர்கள் எதிரே கைத்தடியை எறிந்தார். தான் இறைத்தூதர் என்பதற்கு அது சான்று. எதிராளிகளால் ஈடுகொடுக்க முடியாத சவால். இது முஃஜிஸா. மர்யமுக்கோ தொழுமிடத்தின் தனிமையில் உணவு வந்தது. ஸகரிய்யா நபி கேட்ட பிறகே, அல்லாஹ் தந்தது என்றார். மர்யமை நபியாகக் கொள்ளாத பெரும்பாலான அறிஞர்களுக்கு இது கராமத்.

வலிக்கும் அற்புதம் உண்டென்றால் நபியை எப்படி அடையாளம் காண்பது என்று கேட்டு, முஃதஸிலாக்களில் பெரும்பாலோர் கராமத்தை மறுத்தார்கள். அஷ்அரி அறிஞர்கள் சொன்ன பதில்: வலி தூதுத்துவம் கோரமாட்டார், கோரினால் அவர் வலியே அல்ல. நபிக்கு அறிவிப்பது கடமை, வலிக்கு மறைப்பதே அழகு!