சைட்டில் நின்றதை எழுதுங்கள்

கேள்வி: பி.ஆர்க். முடித்து, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் தொழிற்சாலை ஷெட் ஒன்றின் கட்டுமானத்தில் வேலை பார்த்தேன். டிசைன் நிறுவனங்களுக்கு மெயில் போட்டால் பதிலே வருவதில்லையே?
- வாசகர், பள்ளிப்பட்டு

பதில்: முதலில் போர்ட்ஃபோலியோ லிங்க்கைப் பாருங்கள். கூகுள் டிரைவில் அது Restricted என்றே இருந்தால், வீட்டைப் பூட்டிவிட்டு விருந்துக்கு அழைத்த கதைதான்! Anyone with the link என்று மாற்றி, வேறொருவர் போனில் திறந்து பாருங்கள்.

'ஆட்டோகேட், ரெவிட் தெரியும்' என்று எல்லோரும்தான் எழுதுகிறார்கள். ரெவிட்டில் எந்தக் கட்டடத்துக்கு, எந்த வேலைப்படம் போட்டீர்கள் என்று எழுதுங்கள்.

உங்கள் பலமே சைட்தான். ஷெட்டின் இரும்புத் தூண் நிற்பது அஸ்திவாரத்தில் பதிக்கும் ஆங்கர் போல்ட்டுகளின் மேல். அவை இடம் தவறினால் தூணின் அடித்தகட்டுத் துளைக்குள் போல்ட் நுழையாது. கான்கிரீட் இறுகிய பிறகு திருத்துவது பெரும்பாடு. அதனால், கான்கிரீட் ஊற்றும் முன்பே டெம்ப்ளேட் தகட்டை வைத்து, அச்சுக்கோட்டிலிருந்து அளந்து சரிபார்ப்பார்கள். அந்த வேலையில் நீங்கள் நின்றிருந்தால், 'சைட் அனுபவம் உண்டு' என்பதற்குப் பதிலாக அதையே இரண்டு வரியில் எழுதுங்கள். பழைய முதலாளியின் அனுமதியோடு அந்த வேலையின் வரைபடத்தையும் சைட் போட்டோவையும் ஒரே பக்கத்தில் வையுங்கள். யார் வரைந்தது, நீங்கள் சரிபார்த்தது எது என்று கீழே குறிப்பிடுங்கள். நேர்முகத்தில் முதல் கேள்வியே அதுவாக இருக்கலாம்.

கட்டடக்கலைக் கவுன்சிலின் பதிவெண்ணைப் பெயருக்குக் கீழே போடுங்கள். இன்னும் பதியவில்லையா? 'ஆர்க்கிடெக்ட்' என்று போடாதீர்கள். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தப் பட்டம் பதிந்தவர்களுக்கே உரியது.