உரிய ரசீது, உரிய அனுமதி

சிவகாசிப் பட்டாசுக் கம்பெனி ஒன்றின் பயணப்படி விதியைத் திருத்தித் தரச் சொன்னார்கள். பழைய விதி ஒரே வரிதான்: ‘நியாயமான செலவு, உரிய ரசீதுடன், உரிய அனுமதியின் பேரில் வழங்கப்படும்.’ திரியில்லாத வெடி மாதிரி, எப்போது வெடிக்கும் என்று யாருக்கும் தெரியாது.

அறை வாடகைக்கு மட்டும் 1,500 ரூபாய் என்று வாய்மொழி வரம்பு. கோயம்புத்தூர் போன பிரதிநிதிக்கு வாடகை 1,450. வரி சேர்ந்ததும் வரம்பு தாண்டியது. கணக்கர் முழு பில்லையும் தள்ளிவிட்டார். முந்தைய இரவு 1,200-தானே, சராசரி பாருங்கள் என்றார் பிரதிநிதி. நான் எழுதினேன்: ‘ஓர் இரவுக்கு, வரி உட்பட, 1,500. மிஞ்சியது மட்டும் வெட்டப்படும். ஒரு நாள் மிச்சம் மறுநாளுக்குச் சேராது.’

ரசீதில்தான் சிக்கல். ஊரே அச்சகம், வெற்று பில் புத்தகம் எங்கும் கிடைக்கும். அதனால் கடை முகவரி, தேதி, பில் எண், கம்பெனி பெயர் நான்கும் வேண்டும் என்று வைத்தோம். வெயிலில் எழுத்து மங்கும் சீட்டை அன்றே போட்டோ எடுக்க வேண்டும். ஆட்டோவுக்கு ரசீது கேட்பதில்லை. நாளுக்கு 200 வரை கையெழுத்துச் சீட்டு போதும்.

அனுமதி பயணத்துக்கு முன்பு, விற்பனை மேலாளரிடம். அவர் வெளியூரில் இருந்தால் பங்குதாரரிடம். தன் பில்லில் தானே கையெழுத்திடக் கூடாது.

கடைசி வரியைப் படித்த முதலாளி, “இது எனக்குமா?” என்றார். அவருடைய காசி யாத்திரை பில் மேஜையில்தான் இருந்தது.