சூரியனுக்கு ஒரு அடுப்பு, சிரியஸுக்கு வேறு அடுப்பா?

கேள்வி: எல்லா நட்சத்திரமும் ஹைட்ரஜனை ஹீலியமாக்கித்தானே பிழைக்கிறது? அதற்கு எதற்கு இரண்டு வழி?

பதில்: வரவு ஒன்றுதான்: 4 புரோட்டான் போனால் 1 ஹீலியம். சூரியனில் புரோட்டான்கள் தாங்களே மோதி, முதலில் டியூட்டீரியம், பிறகு ஹீலியம்-3 என்று படிப்படியாகச் சேர்கின்றன. இன்னொரு வழியில் கார்பன் கல்யாணத் தரகராக வருகிறது. புரோட்டான்களை ஒவ்வொன்றாக வாங்கி, நைட்ரஜன், ஆக்சிஜன் என்று வேஷம் மாற்றி, ஹீலியத்தைப் பெற்றுக்கொடுத்துவிட்டுப் பழையபடி கார்பனாகிவிடும். கமிஷன்கூடக் கிடையாது!

ஆனால் கார்பன் கருவில் 6 புரோட்டான். நெருங்கும் புரோட்டானை அது பலமாகத் தள்ளும். அந்தத் தடையைத் தாண்ட நல்ல சூடு வேண்டும். வெப்பநிலை 10 சதவீதம் ஏறினால் முதல் வழியில் உற்பத்தி ஒன்றரை மடங்காகும். கார்பன் வழியிலோ சுமார் 5 மடங்கு!

சூட்டைத் தீர்மானிப்பது நிறை. எடை கூடினால் மையம் கொதிக்கும். சூரியனைப்போல் ஏறக்குறைய 1.3 மடங்கு நிறைக்கு மேல் கார்பன் கை ஓங்குகிறது. 2 மடங்குள்ள சிரியஸ் அந்தக் கட்சி. மையத்தில் சுமார் 1.5 கோடி டிகிரி உள்ள நம் சூரியனில் தரகருக்குச் சுமார் 1 சதவீத வேலைதான். அதையும் 2020-இல் இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கடியில் இருந்த போரெக்ஸினோ கருவி, நியூட்ரினோக்களை வைத்துக் கண்டுபிடித்துவிட்டது.