முப்பத்தாறு டன் தேயிலையை விழுங்கிய புள்ளி

குன்னூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் ஆபீசில் நான் ஸ்டோர் கணக்கு பார்த்த காலம். மாதாமாதம் கோயம்புத்தூரில் போர்டு கூடும். அதற்கு முந்தின நாள் எங்கள் ஹெட் கிளார்க்குக்கு ரத்த அழுத்தம் கூடும். ரிப்போர்ட்டில் எழுத்து வரிசையாக நிற்கிறதா, துரையின் பெயருக்குப் பின்னால் பட்டங்கள் முழுசாக இருக்கின்றனவா என்று கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்ப்பார். எண்கள் அவருக்குத் தூரத்துச் சொந்தம். இருக்கிறார்கள் என்று தெரிந்தால் போதும், நலம் விசாரிக்க மாட்டார்.

அது ஐப்பசி மழை. புதிதாகச் சேர்ந்திருந்த ஜூனியர் கிளார்க், கோத்தகிரிப் பெண், ரிப்போர்ட்டைப் பின் அடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள்.

"சார், நம்ம ஃபேக்டரியில ஒரு கிலோ டீத்தூளுக்கு நாப்பத்திநாலு கிலோ கொழுந்து போடறாங்களா?"

"பின் அடிம்மா" என்றார் ஹெட் கிளார்க்.

அவள் அடிக்கவில்லை. அப்பா சிறு விவசாயி. கொழுந்தை மூட்டை கட்டி ஃபேக்டரிக்குக் கொண்டுபோய், மழை நாளில் "இலையில தண்ணி" என்று அவர்கள் எடையைக் கழிக்கும்போது அங்கேயே நின்று சண்டை போட்டு வளர்ந்த பெண். நாலரை கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தூள் என்பது அவளுக்கு வாய்ப்பாடு மாதிரி. ரிப்போர்ட்டிலோ அவுட்டர்ன், அதாவது நூறு கிலோ கொழுந்துக்குக் கிடைத்த தூள், 2.25 என்று நின்றது.

ஒரு காகிதத்தில் அவளே கணக்குப் போட்டாள். நூறு கிலோ கொழுந்தில் தண்ணீரே எழுபத்தெட்டு கிலோ என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் இருபத்திரண்டு. டிரையரில் எவ்வளவு காய்ச்சினாலும் தூளில் மூன்று சதவீத ஈரம் தங்கும். ஆக இருபத்திரண்டரைக்குக் கொஞ்சம் மேலே வரவேண்டும். மழை ஈரம் ஒட்டிய கொழுந்து என்றால் சற்றுக் குறையும். இரண்டேகாலுக்குக் குறைய வேண்டுமென்றால் கொழுந்தைக் குளத்தோடு நிறுத்திருக்க வேண்டும்.

"கம்ப்யூட்டர் போட்ட கணக்கு" என்றார் ஹெட் கிளார்க். கம்ப்யூட்டரின் மேல் அவருக்கு இருந்த பக்தி, அதைத் தொடப் பயந்ததால் வந்தது. வகுத்தது கம்ப்யூட்டர்தான், எண்ணை அடித்தது மனித விரல் என்று அவள் பணிவாகச் சொன்னாள். சொல்லிவிட்டு ஃபேக்டரி ஸ்டாக் புத்தகத்தை எடுத்து வந்தாள்.

கொழுந்து 1,80,000 கிலோ, இரண்டிலும் ஒன்றுதான். தூள் புத்தகத்தில் 40,500. ரிப்போர்ட்டில் 4050.0. ஒரு புள்ளி ஒரு வீடு தள்ளிக் குடியேறியிருந்தது. அவள் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து 36,450 என்று எழுதி ஒன்பதால் வகுத்தாள். 4,050 வந்தது.

"புள்ளி ஒரு இடம் நகர்ந்தா வித்தியாசம் சின்ன எண்ணைப் போல ஒன்பது மடங்கு சார். 45-ஐ 54-னு மாத்தி அடிச்சாலும் ஒன்பதால வகுபடும். ஆனா ஈவு அந்தச் சின்ன எண்ணாவே வந்தா புள்ளி வேலைதான்."

நான் மனசுக்குள் வேறு கணக்கில் இருந்தேன். 36,450 கிலோ, சாக்குக்கு முப்பத்தைந்து கிலோ என்றாலும் ஆயிரத்துச் சொச்சம் சாக்கு. போர்டு கேட்டால் முதலில் வாட்ச்மேன், அப்புறம் லாரி டிரைவர், கடைசியில் ஸ்டோர். அதாவது நான்.

புள்ளி மேல் பழி போட்டுத் தப்பிக்கவும் முடியாது. பசலைக்கீரையில் இரும்புச் சத்து பத்து மடங்கு என்று உலகம் நம்பியது ஒரு ஜெர்மன் விஞ்ஞானி புள்ளியைத் தவறாக வைத்ததால் என்று ஒரு கதை உண்டு. 1981-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றிலேயே வந்தது. 2010-இல் ஒருவர் தேடிப் பார்த்தால் அந்தப் புள்ளிக்கு ஆதாரமே கிடைக்கவில்லை. பாவம் புள்ளி, செய்யாத தப்புக்கும் பெயர் வாங்கியிருக்கிறது.

உண்மையில் இந்தத் தப்பு நல்ல ஜாதி. பத்து மடங்கு என்பதால் பல்லிளித்தது. 22.5 என்பது 25.2 என்று மாறியிருந்தால் ஆபீசே கைதட்டியிருக்கும். மழை மாதத்தில் இவ்வளவு எப்படி என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், அவளைத் தவிர. நஷ்டம் காட்டுகிற தப்புக்கு நூறு கண், லாபம் காட்டுகிற தப்புக்கு ஒரு பாராட்டுக் கடிதம்.

ரிப்போர்ட் திருந்திப் போனது. போர்டுக்கு ஒன்றும் தெரியாது. ஹெட் கிளார்க் மட்டும் மறுநாள் ஒரு உத்தரவு போட்டார்: இனி ரிப்போர்ட்டில் புள்ளியே வரக்கூடாது, 22.5 என்றால் வெறும் 22 என்று போடு.

அவள் கால்குலேட்டரைத் தட்டினாள்.

"அரை சதவீதம்னா தொள்ளாயிரம் கிலோ சார். அத யாரு குடிச்சதுன்னு எழுதட்டும்?"

உத்தரவைக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு, அவர் டீ சொல்லச் சொன்னார். மூன்று.