ராஜ்மா கடிதம்

கிளாஸ்கோவில் படிக்கும் மகனுக்கு என் மனைவி கடிதம் எழுதுகிறாள். அதாவது அவள் சொல்கிறாள், நான் ஜெயநகர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து லேப்டாப்பில் தட்டுகிறேன். அடுப்படியில் நான் இடைஞ்சல் என்று தீர்ப்பாகிப் பல காலம் ஆயிற்று.

“கண்ணா, வீடியோவில் பார்த்தேன், இளைத்துவிட்டாய். புரதம் சாப்பிடு. சாப்பிடாவிட்டால் என்ன ஆகும் என்று அப்பாவைப் பார்த்துத் தெரிந்துகொள்.”

தட்டினேன். அடுத்த வரியில் அவள் குரல் மாறியது. கூடத் தங்கியிருக்கும் பையனின் ஸ்லோ குக்கரில் காலையில் ராஜ்மாவைப் போட்டுவிட்டு, ராத்திரி வந்து சாப்பிடப்போவதாக மகன் சொல்லியிருந்தான்.

“அந்த வேலை மட்டும் வேண்டாம். ராஜ்மாவில் ஒரு நச்சுப் பொருள் இருக்கிறது. தளதளவென்று கொதித்தால்தான் அது அழியும். ஸ்லோ குக்கரில் அந்தச் சூடு வராமலே போகலாம். அரைச்சூட்டில் வெந்தது பச்சையைவிட மோசம். நாலைந்து கொட்டை உள்ளே போனாலே சில மணி நேரத்தில் வாந்தி எடுப்பாய்.”

“ஏன், நாம இத்தனை வருஷமா சாப்பிடலையா?” என்றேன்.

“நம்ம வீட்ல பிரஷர் குக்கர்ங்க. தட்டுங்க.”

“100 கிராம் ராஜ்மாவை ராத்திரி ஊறப்போடு. ரெண்டு வேளைக்கு ஆகும். 20 கிராமுக்கு மேல் புரதம். காலையில் ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில், மூடாமல், அரை மணி நேரம் நன்றாகக் கொதிக்கவிடு. அப்புறம் தணலைக் குறைத்து மூடி வை. விரலால் அழுத்தினால் நடுவில் கட்டியில்லாமல் மசியவேண்டும். அதுவரை தக்காளி போடாதே. புளிப்பு பட்டால் தோல் இறுகிக்கொள்ளும்.”

இங்கே நானும் அறிவைக் காட்டினேன். கிளாஸ்கோவுக்கு 1859 முதல் லோக் காட்ரின் ஏரித் தண்ணீர் வருகிறது, அது மென்னீர், அதில் கொட்டை சீக்கிரம் வெந்துவிடும் என்றேன். நம் அடுக்ககத்து போர்வெல் நீர் பக்கெட்டிலேயே வெள்ளைப் படலம் கட்டும். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து கொட்டையை இளக விடாது. போன ஞாயிற்றுக்கிழமை எத்தனை விசில் விட்டும் ராஜ்மா என்னைப்போலவே அசைந்துகொடுக்கவில்லை.

“இதையும் சேர்த்துக்குங்க” என்றாள். கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன ஒன்று அச்சேறுவது அபூர்வம். தடித்த எழுத்தில் போட்டேன். சாதாரண எழுத்துக்கு மாற்றச் சொன்னாள்.

“தாளிக்கும்போது மிளகாய் கருகவேண்டாம். புகைக்கு அலாரம் அடித்தால் வீட்டிலுள்ள ஐந்து பேரும் குளிரில் தெருவில் நிற்பீர்கள். எதற்கும் நேரமில்லை என்றால் டின் ராஜ்மா வாங்கு. அது வெந்தது. கழுவிச் சூடாக்கினால் போதும்.”

என் விரல் நின்றது. “இதை முதல்லயே சொல்லியிருந்தா ஒரு வரியில முடிஞ்சிருக்குமே?”

“அவசரம்னா நீங்க டின் வாங்கிச் சாப்பிடுங்க. அடுத்தது முட்டை. தட்டுங்க.”